போட்டோவில் இருக்கும் வடிவியல் படத்திலிருந்து காரணங்களோடு நிரூபணம் எழுதுவது எப்படி

பாடப்புத்தகத்தின் வடிவியல் கணக்கு ஒன்றைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால், பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "இரண்டு முக்கோணமும் வடிவொத்தவை, அதனால் கோடுகள் இணை, அவ்வளவுதான்." விடை சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அது நிரூபணம் இல்லை. இதே வாக்கியத்தை எழுதி, முற்றிலும் தவறான முடிவுக்கும் போக முடியும். எப்படி என்று கட்டுரையின் கடைசிப் பகுதியில் ஒரு படத்தை வைத்தே பார்க்கப் போகிறோம்.

நிரூபணம் எழுதுவதில் குழப்பம் வருவது இரண்டு இடங்களில். படம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரிக்காமல் விடுவது ஒன்று. எழுதும் ஒவ்வொரு வரிக்கும் எது காரணமாகும், எது ஆகாது என்று தெரியாமல் இருப்பது மற்றொன்று. ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு இரண்டையும் நிதானமாகப் பார்ப்போம்.

## கேமரா எதை மாற்றுகிறது, எதை மாற்றுவதில்லை

ரயில் தண்டவாளத்தின் நடுவே எடுத்த போட்டோவில், இரண்டு தண்டவாளங்களும் தூரத்தில் ஒன்றாகச் சேர்வது போலத் தெரியும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஒரு ரூபாய் நாணயம் நீள்வட்டமாகிவிடும். புத்தகத்தைச் சற்றுச் சாய்வாகப் பிடித்து எடுத்த போட்டோவிலும் இதேதான் நடக்கிறது. கேமராவுக்கு அருகில் இருக்கும் பகுதி பெரிதாகவும், தள்ளி இருக்கும் பகுதி சிறிதாகவும் விழுகிறது.

அதனால் போட்டோவில் நான்கு விஷயங்கள் கெட்டுப்போகலாம்: நீளம், கோணம், இணைத்தன்மை, நீளங்களின் விகிதம். கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே கோட்டில் உள்ள இரு துண்டுகளின் விகிதம்கூடச் சாய்வான போட்டோவில் மாறும், ஏனெனில் அருகில் உள்ள துண்டு கூடுதலாகப் பெரிதாகிறது. திரைமேல் ஸ்கேலை வைத்து 2 : 3 என்று கண்டுபிடிப்பதில் பயனில்லை.

கெடாமல் மிஞ்சுவது கொஞ்சம்தான், ஆனால் அது மிக முக்கியமானது. நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும். எந்தப் புள்ளி எந்தக் கோட்டின்மேல் இருக்கிறது, ஒரு கோட்டில் புள்ளிகள் எந்த வரிசையில் வருகின்றன, எந்த இரு கோடுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்பவையும் மாறாது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. புத்தகத்தின் நடுமடிப்பை ஒட்டிய படம் என்றால் தாளே வளைந்திருப்பதால் நேர்கோடும் லேசாக வளையும். அதை வளைகோடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேமராவே இல்லாமல் அச்சிட்ட படத்தை நேராகப் பார்த்தாலும் விதி இதுதான். படம் அளவுத்திட்டப்படி வரையப்பட்டிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கோணமானியை வைத்து அளந்தால் அந்த ஒரு படத்தைப் பற்றி, ஏறத்தாழ ஒரு மதிப்பு கிடைக்கும். கொடுத்த நிபந்தனைகள் பொருந்தும் எல்லாப் படங்களுக்கும் பொருந்தும் முடிவைத்தான் நிரூபணம் தர வேண்டும்.

ஆக, படத்திலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை புள்ளிகளின் இணைப்பு, அவற்றின் வரிசை, அச்சிடப்பட்ட எழுத்துகள், எண்கள், குறிகள் ஆகியவை மட்டுமே. "இணையாகத் தெரிகிறது", "செங்கோணம் மாதிரி இருக்கிறது" போன்றவற்றை எடுத்துக்கொள்ளக் கூடாது.

## நாம் எடுத்துக்கொள்ளும் கணக்கு

உடுக்கையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேல்முகம் AB என்ற கோட்டுத்துண்டு; A இடதுபுறம், B வலதுபுறம். கீழ்முகம் CD, C இடதுபுறம், D வலதுபுறம். A-யிலிருந்து சாய்வாகக் கீழிறங்கி D வரை ஒரு கோடு. B-யிலிருந்து C வரை இன்னொரு கோடு. உடுக்கையின் இடுப்பில் இரண்டும் O என்ற புள்ளியில் வெட்டிக்கொள்கின்றன.

படத்தில் உள்ள அளவுகள்: AO = 8 செ.மீ., OD = 12 செ.மீ., BO = 4 செ.மீ., OC = 6 செ.மீ., ∠OAB = 30°.

கேள்வி: (i) AB ∥ CD என நிரூபிக்க. (ii) ∠ODC-யின் அளவு என்ன?

## போட்டோவிலிருந்து தரவைப் படித்தெடுத்தல்

கணக்கில் கொடுக்கப்பட்ட தகவலுக்குத் தரவு என்று பெயர். நிரூபணத்தில் வரும் தவறுகளில் கணிசமானவை நிரூபணம் தொடங்குவதற்கு முன்பே, தரவைப் படிக்கும்போதே நடந்துவிடுகின்றன.

முதலில் எழுத்துகள். மங்கலான போட்டோவில் O என்ற புள்ளியும் D என்ற புள்ளியும் ஒன்று போலத் தெரியும். B-யை 8 என்று படிப்பதும் நடக்கும். பாகைக் குறி பூஜ்யமாகத் தெரிந்து 30° என்பது 300 ஆகிவிடும். வழவழப்பான தாளில் விளக்கின் ஒளி பட்டால் சம நீளத்தைக் காட்டும் சிறு கோட்டுக்குறி ஒன்று மறைந்தே போகலாம். அதனால் படத்தை மட்டும் வெட்டி எடுக்காமல், கேள்வியின் வாசகமும் சேர்ந்து வரும்படி போட்டோ எடுப்பது அவசியம். "AD, BC ஆகிய கோடுகள் O-வில் வெட்டுகின்றன" என்ற ஒரு வரி அதில் இருந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அடுத்தது, எந்த எண் எந்தத் துண்டுக்கு உரியது என்பது. நம் படத்தில் O-வுக்குக் கீழே இரண்டு கோடுகள் விரிகின்றன. 6, 12 என்ற இரண்டு எண்களும் அந்தக் கோடுகளுக்கு இடையே உள்ள காலியிடத்தில் அச்சாகியிருந்தால், எது OC-யுடையது, எது OD-யுடையது என்று தடுமாற்றம் வரும். எண் எந்தக் கோட்டுக்கு ஒட்டினாற்போல இருக்கிறது, எந்தக் கோட்டின் நடுப்பகுதிக்கு நேராக இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முழுக்கோடா, துண்டா என்பதும் இதே வகைச் சந்தேகம்தான். 12 என்ற எண்ணுக்கு இருபுறமும் அம்புக்குறி நீண்டு A-யிலிருந்து D வரை போனால், அது முழு AD-யின் நீளம். அப்படியானால் OD = 12 − 8 = 4 ஆகிவிடும், கணக்கே மாறிவிடும். ஆகவே "OD = 12" என்று இரண்டு முனைகளின் எழுத்துகளோடு எழுதிக்கொள்ளுங்கள். வெறும் "12" என்று குறித்துக்கொள்வது போதாது.

## சொந்தக் கையால் மீண்டும் வரைதல்

படித்தெடுத்த தரவு சரியா என்று சோதிக்க, போட்டோவை மூடி வைத்துவிட்டுத் தரவை மட்டும் பார்த்துப் படத்தைப் புதிதாக வரைய வேண்டும். எல்லா நீளத்தையும் பாதியாக்கினால் தாளில் வசதியாக அடங்கும்.

10 செ.மீ. நீளத்தில் AD வரைக. A-யிலிருந்து 4 செ.மீ. தள்ளி O-வைக் குறிக்கவும்; மீதம் 6 செ.மீ. OD ஆகும். A-யில் 30° கோணம் அமைத்து ஒரு நீண்ட கோடு வரைக. B இந்தக் கோட்டின்மேல் எங்கோ இருக்க வேண்டும். O-வை மையமாக வைத்து, கவராயத்தில் 2 செ.மீ. எடுத்து ஒரு வில் வரைக. வில்லும் கோடும் சந்திக்கும் இடம்தான் B. பிறகு B-யிலிருந்து O வழியாகக் கோட்டை நீட்டி, O-வுக்கு அப்பால் 3 செ.மீ. தூரத்தில் C-யைக் குறித்து, C-யையும் D-யையும் சேர்க்கவும்.

இங்கே ஒரு நல்ல விஷயம் நடக்கிறது. வில் அந்தக் கோட்டை ஒரே புள்ளியில் தொட மட்டும் செய்கிறது. பென்சில் முனையின் தடிமனால் இரண்டு மிக நெருங்கிய புள்ளிகளில் வெட்டுவது போலத் தெரிந்தால் நடுவில் உள்ள புள்ளியை எடுத்துக்கொள்ளலாம். போட்டோவில் 30° என்பதை 80° என்று தவறாகப் படித்திருந்தால் என்ன ஆகும்? O-விலிருந்து அந்தக் கோடு கிட்டத்தட்ட 3.9 செ.மீ. தள்ளிப் போய்விடும். 2 செ.மீ. வில் அதை எட்டவே எட்டாது. படம் வரைய முடியாமல் போவதே தரவைத் தவறாகப் படித்துவிட்டோம் என்பதற்கு அடையாளம்.

வரைந்த படத்தில் தரவுகளை ஒரு நிறத்திலும், நாமாகக் கண்டுபிடிப்பவற்றை வேறு நிறத்திலும் குறிப்பது நல்லது. பின்னால் ஒரு வரி எழுதும்போது, அது தரப்பட்டதா, நாம் நிரூபித்ததா என்று ஒரே பார்வையில் தெரியும்.

சுருக்கமாக: போட்டோவிலிருந்து எழுத்துகளையும் எண்களையும் முனைகளோடு எழுதிக்கொள்கிறோம், அவற்றை மட்டும் வைத்து மீண்டும் வரைகிறோம். இந்த வரைபடம் சோதிக்கவும் யோசிக்கவும் உதவுவது. அதையும் காரணமாகக் காட்டக் கூடாது.

## காரணம் என்றால் எது?

ஊர்த் திருவிழாக் கணக்கு நோட்டை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு செலவுக்கும் பக்கத்தில் ரசீது எண் இருக்கும். "பந்தல் போட்டது எல்லோருக்கும் தெரியுமே" என்று சொல்லி ரசீதை விட்டுவிட முடியாது. நாளை வரப்போகும் ரசீதைக் காட்டி இன்றைய செலவை எழுதவும் முடியாது.

நிரூபணமும் அப்படித்தான். இடதுபக்கம் கூற்று, அதாவது உண்மை என்று நாம் சொல்லும் ஒரு வாக்கியம். வலதுபக்கம் காரணம், அதாவது அந்தக் கூற்றை ஏற்க வைக்கும் ரசீது. பள்ளிக் கணக்கில் காரணமாக ஏற்கப்படுபவை மிகச் சிலவே: தரவு, ஒரு சொல்லின் வரையறை, ஏற்கெனவே நிரூபிக்கப்பட்ட தேற்றம் (எப்போதும் உண்மை என்று நிறுவப்பட்ட பொது முடிவு), இதே நிரூபணத்தின் முந்தைய படிகள். படத்தில் கூடுதலாக ஒரு கோடு வரைந்திருந்தால் அந்த அமைப்பும் காரணமாகும். நம் கணக்குக்கு அது தேவையில்லை.

"படத்திலிருந்து" என்பதை எழுதலாமா? ஒரே ஒரு வகையில் எழுதலாம். A, O, D மூன்றும் ஒரே கோட்டில் இந்த வரிசையில் உள்ளன என்பது போன்ற இணைப்புத் தகவலுக்கு மட்டும். நீளத்துக்கோ, கோணத்துக்கோ, இணைத்தன்மைக்கோ அது காரணமாகாது.

## முடிவிலிருந்து பின்னோக்கி யோசித்தல்

எழுதுவது மேலிருந்து கீழ். யோசிப்பது பெரும்பாலும் கீழிருந்து மேல். புதியவர்கள் திணறுவது, எழுதும் வரிசையிலேயே யோசிக்கவும் முயல்வதால்தான்.

நமக்கு வேண்டியது AB ∥ CD. இரண்டு கோடுகள் இணை என்று எதை வைத்துச் சொல்லலாம்? இரண்டையும் வெட்டிச் செல்லும் மூன்றாவது கோட்டுக்குக் குறுக்குவெட்டி என்று பெயர். அதன் இருபுறமும், இரண்டு கோடுகளுக்கு உள்ளே, எதிரெதிர்ப் பக்கங்களில் அமையும் கோணங்கள் ஒன்றுவிட்ட கோணங்கள். அவை சமம் என்றால் கோடுகள் இணை. நம் படத்தில் AD குறுக்குவெட்டி. ஆகவே ∠OAB = ∠ODC என்று காட்டினால் போதும்.

இந்தக் கோணங்கள் சமம் என்று எதை வைத்துக் காட்டுவது? ஒரு கோணம் மேல் முக்கோணத்தில் இருக்கிறது, மற்றது கீழ் முக்கோணத்தில். இரண்டு முக்கோணங்களும் வடிவொத்தவை என்றால், அதாவது அளவு வேறாக இருந்தாலும் வடிவம் ஒன்றே என்றால், அவற்றின் ஒத்த கோணங்கள் சமம்.

வடிவொத்தவை என்று காட்ட நம் கையில் என்ன இருக்கிறது? நான்கு நீளங்கள். O-வில் ஒன்றையொன்று எதிர்நோக்கி நிற்கும் இரு கோணங்கள். இரண்டு கோடுகள் வெட்டும்போது எதிரெதிரே அமையும் இத்தகைய கோணங்களுக்குக் குத்தெதிர்க் கோணங்கள் என்று பெயர். அவை எப்போதும் சமம். கத்தரிக்கோலின் பிடியை விரித்தால் அலகும் அதே அளவு விரிவதைப் போல. இரண்டு பக்கங்களின் விகிதம் சமம், அவற்றுக்கு நடுவே உள்ள கோணமும் சமம் என்றால் முக்கோணங்கள் வடிவொத்தவை; இதுதான் பக்கம்-கோணம்-பக்கம், சுருக்கமாக ப-கோ-ப வடிவொத்தமை விதி.

இப்போது பாதை தெளிவு. நீளங்களிலிருந்து விகிதம், விகிதத்திலிருந்து வடிவொத்தமை, அதிலிருந்து சமகோணங்கள், அவற்றிலிருந்து இணைகோடுகள். 30° என்ற எண் இந்தப் பாதையில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அது கேள்வி (ii)-க்கு மட்டும் தேவை. கொடுத்த எல்லா எண்ணையும் (i)-லேயே பயன்படுத்திவிட வேண்டும் என்று நினைத்து, 30°-ஐ ப-கோ-ப விதிக்குள் நுழைப்பவர்கள் உண்டு. ∠OAB என்பது AO, BO ஆகிய இரு பக்கங்களுக்கு நடுவே இல்லை. அதனால் அங்கே அந்த விதி பொருந்தாது.

## எழுதிய நிரூபணம்

தரவு: AD, BC என்ற கோட்டுத்துண்டுகள் O-வில் வெட்டுகின்றன. AO = 8, OD = 12, BO = 4, OC = 6 (செ.மீ.), ∠OAB = 30°.

நிரூபிக்க: AB ∥ CD.

| எண் | கூற்று | காரணம் |
|---|---|---|
| 1 | A–O–D ஒரு நேர்கோடு, B–O–C ஒரு நேர்கோடு | தரவு |
| 2 | ∠AOB = ∠DOC | குத்தெதிர்க் கோணங்கள் சமம் (படி 1) |
| 3 | AO/DO = 8/12 = 2/3 | தரவு; சுருக்கியது |
| 4 | BO/CO = 4/6 = 2/3 | தரவு; சுருக்கியது |
| 5 | AO/DO = BO/CO | படிகள் 3, 4 |
| 6 | △AOB ~ △DOC | ப-கோ-ப வடிவொத்தமை விதி (படிகள் 2, 5) |
| 7 | ∠OAB = ∠ODC | வடிவொத்த முக்கோணங்களின் ஒத்த கோணங்கள் சமம் (படி 6) |
| 8 | AB ∥ CD | குறுக்குவெட்டி AD. ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் எனில் கோடுகள் இணை (படி 7) |
| 9 | ∠ODC = 30° | தரவு ∠OAB = 30°; படி 7 |

படி 1 தேவையில்லாதது போலத் தோன்றும். ஆனால் AOD என்பது O-வில் லேசாக மடிந்த கோடாக இருந்தால் குத்தெதிர்க் கோணங்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. படி 2 முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. படி 8-க்கும் படி 1 உதவுகிறது. O என்பது B-க்கும் C-க்கும் இடையில் இருப்பதால்தான் B-யும் C-யும் AD-யின் எதிரெதிர்ப் பக்கங்களில் விழுகின்றன. அதனால்தான் அந்தக் கோணங்களை ஒன்றுவிட்ட கோணங்கள் என்று அழைக்க முடிகிறது.

படி 6-இல் எழுத்துகளின் வரிசையைப் பாருங்கள். △AOB ~ △DOC என்றால் A-க்கு ஒத்தது D, O-வுக்கு O, B-க்கு C. இந்த வரிசை எங்கிருந்து வந்தது? படி 5-இலிருந்து. AO-வின் கீழே DO-வையும், BO-வின் கீழே CO-வையும் போட்டபோதே அது முடிவாகிவிட்டது. முக்கோணப் பெயரை நம் விருப்பப்படி △COD என்று மாற்றி எழுதினால், A-க்கு ஒத்தது C என்று பொருள் மாறிவிடும். அப்போது படி 7-ஐ அதிலிருந்து எடுக்க முடியாது.

காரணம் நெடுவரிசையில் வெறும் "தேற்றம்" என்று எழுதினால் போதாது. எந்தத் தேற்றம், எந்தப் படிகளைக் கொண்டு என்று இரண்டும் வேண்டும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் படி எண் எப்போதும் இப்போது எழுதும் எண்ணைவிடச் சிறியதாக இருக்க வேண்டும்.

## தன்னையே சாட்சியாக அழைக்கும் நிரூபணம்

இந்தக் கணக்கில் அடிக்கடி காணும் தவறு ஒன்று இருக்கிறது. இரண்டாம் படியிலேயே "∠OAB = ∠ODC, ஒன்றுவிட்ட கோணங்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். பிறகு குத்தெதிர்க் கோணங்களையும் சேர்த்து முக்கோணங்கள் வடிவொத்தவை என்று சொல்லி, அதிலிருந்து கோணங்கள் சமம், ஆகவே AB ∥ CD என்று முடிக்கிறார்கள். ஒவ்வொரு வரியும் பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கும்.

ஒன்றுவிட்ட கோணங்கள் சமமாக இருப்பது எப்போது? கோடுகள் இணையாக இருக்கும்போது. அவை இணையா என்பதுதான் கேள்வியே. எனவே இரண்டாம் படியின் ரசீது எட்டாம் படியிலிருந்து கடன் வாங்கப்பட்டிருக்கிறது. இந்தத் தவறைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு: இந்த "நிரூபணத்தில்" 8, 12, 4, 6 என்ற நான்கு எண்களும் எங்கும் வரவில்லை. நீளங்களை எப்படி மாற்றினாலும் அதே நிரூபணம் நிற்கும் என்றால், எந்த உடுக்கைப் படத்திலும் AB ∥ CD என்று ஆகிவிடும். அது வெளிப்படையாகவே பொய்.

இங்கே ஒரு தேற்றமும் அதன் மறுதலையும், அதாவது நிபந்தனையையும் முடிவையும் இடம் மாற்றி எழுதிய கூற்றும், ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. "ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் எனில் கோடுகள் இணை" என்பது ஒன்று. "கோடுகள் இணை எனில் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம்" என்பது இன்னொன்று. சுமார் கி.மு. 300-இல் யூக்ளிட் தொகுத்த வடிவியல் நூலின் முதல் பாகத்தில் இவை தனித்தனி முடிவுகளாகவே இருக்கின்றன: முதலாவது 27-ஆம் முடிவு, இரண்டாவது 29-ஆம் முடிவில் அடங்கியது. இரண்டாவதை நிறுவ அவருக்கு இணைகோடுகள் பற்றிய ஐந்தாம் எடுகோள் தேவைப்பட்டது; முதலாவதற்குத் தேவைப்படவில்லை. ஆதலால் "ஒன்றுவிட்ட கோணங்கள்" என்று இரண்டே சொல்லில் காரணம் எழுதாமல், "எனில்" வரும் முழு வாக்கியமாக எழுதுங்கள். எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறோம் என்று நமக்கே தெளிவாகும்.

இதுவரை பார்த்தது: யோசனை முடிவிலிருந்து பின்னோக்கிப் போகும், எழுத்து தரவிலிருந்து முன்னோக்கிப் போகும். காரணங்கள் எப்போதும் மேலே உள்ள படிகளையே சுட்டும். கணக்கு கேட்கும் முடிவு, எந்தப் படியிலும் காரணமாக வரக் கூடாது.

## இரண்டு எண்கள் இடம் மாறினால்

தொடக்கத்தில் சொன்ன அந்தத் தவறான முடிவுக்கு வருவோம். போட்டோவில் O-வுக்குக் கீழே இருந்த இரண்டு எண்களையும் ஒருவர் மாற்றிப் படித்துவிட்டார்: OC = 12, OD = 6. மேலே உள்ளவை மாறவில்லை: AO = 8, BO = 4, ∠OAB = 30°.

இப்போது விகிதங்களைப் பாருங்கள். AO/CO = 8/12 = 2/3. BO/DO = 4/6 = 2/3. நடுவே உள்ள கோணங்கள் குத்தெதிர்க் கோணங்கள், அவையும் சமம். ப-கோ-ப விதிப்படி முக்கோணங்கள் வடிவொத்தவையே. அதே 2/3, அதே விதி. "வடிவொத்தவை, அதனால் இணை" என்று எழுதும் பழக்கம் உள்ளவர் இங்கேயும் அப்படியே எழுதிவிடுவார்.

ஆனால் இப்போது ஒத்த முனைகள் வேறு. △AOB ~ △COD. A-க்கு ஒத்தது C, B-க்கு ஒத்தது D. ஆகவே கிடைக்கும் சமகோணங்கள் ∠OAB = ∠OCD, ∠OBA = ∠ODC. இணை என்று காட்டத் தேவையான ∠OAB = ∠ODC இந்தப் பட்டியலில் இல்லை.

உண்மையில் அந்த இரு கோணங்களும் எவ்வளவு? ∠OAB = 30°. மீண்டும் வரைந்தபோது O-வை மையமாகக் கொண்ட வில், A-யிலிருந்து வந்த கோட்டை B-யில் தொட மட்டும் செய்தது நினைவிருக்கும். வட்டத்தைத் தொடும் கோடு, தொடும் புள்ளிக்குப் போகும் ஆரத்துக்குச் செங்குத்து. எனவே ∠OBA = 90°. அதற்கு ஒத்த ∠ODC-யும் 90°. ஒன்றுவிட்ட கோணங்கள் 30°, 90°. கோடுகள் இணையே இல்லை. இரண்டு எண்களை இடம் மாற்றியதால் (ii)-இன் விடையும் 30°-இலிருந்து 90°-க்குத் தாவிவிட்டது.

இப்படி மாற்றிப் படித்துவிட்டோம் என்று எழுதும்போதே தெரிந்துகொள்ள முடியுமா? முடியும். முதலில் AO-வின் கீழே DO-வைப் போட்டுப் பாருங்கள்: 8/6, அதாவது 4/3. BO-வின் கீழே CO: 4/12, அதாவது 1/3. இரண்டும் பொருந்தவில்லை. கேள்வி AB ∥ CD என்று நிரூபிக்கச் சொல்கிறது, அதற்கு இந்த இரண்டு விகிதங்களும் சமமாக இருந்தே ஆக வேண்டும். பொருந்தாவிட்டால், விகிதத்தை வேறு மாதிரி அடுக்கிப் பொருத்தப் பார்க்காமல், போட்டோவுக்குத் திரும்பிப் போய் 6, 12 ஆகியவை எந்தக் கோடுகளுக்கு உரியவை என்று மறுபடி பாருங்கள். கேள்வியின் முடிவை இப்படித் தரவைச் சரிபார்க்கப் பயன்படுத்தலாம். நிரூபணத்தின் காரணம் நெடுவரிசையில் மட்டும் அதை எழுதக் கூடாது. மறுபடி பார்த்தும் போட்டோவில் தெளிவாகவில்லை என்றால், புத்தகப் பக்கத்தை மேசையில் தட்டையாக வைத்து, போனை நேர் மேலே பிடித்து, வாசகமும் படமும் சேர்ந்து விழும்படி இன்னொரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.